கடலோர ஈரக்காற்றில் மூங்கில் புல்லாங்குழல்: வெடிப்பும் கட்டுத் தளர்வும் வராமல் காக்க முழுமையான வழிகாட்டி

பந்திங் பக்கம் குழல் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது: "சார், நம்ம ஊரில் எப்போதும் ஈரக்காற்றுதானே, அப்புறம் குழல் எப்படிக் காய்ந்து வெடிக்கிறது?"

ஈரத்தால் மட்டும் குழல் வெடிப்பதில்லை. ஈரம் ஊறிய குழல் சட்டென்று காயும்போதுதான் வெடிக்கிறது. செம்பனைத் தோட்டத்து வீட்டில் இரவு முழுக்க ஈரத்தைக் குடித்த குழலை, மறுநாள் ஏர்கோன் அறையிலோ வெயிலில் நிற்கும் காரிலோ கொண்டுபோய் வைக்கிறோம். வறண்ட ஊரில் வருஷம் முழுக்க ஒரே நிலையில் கிடக்கும் குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூங்கிலின் நார்கள் எல்லாம் நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கே இழுத்துப் பிடிக்க நார் கிடையாது. அதனால் வெடிப்பு எப்போதும் நீளவாக்கில்தான் வரும். வெளித்தோல் வழுவழுப்பானது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. உள்சுவர் மென்மையானது, நம் மூச்சின் ஈரத்தைச் சீக்கிரம் குடித்து உப்பிவிடும். உள்ளே உப்பி, வெளியே காய்ந்து சுருங்கினால் தோல் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிளக்கும். இனி வரும் எல்லாப் படிகளும் இந்த இழுபறியைக் குறைக்கத்தான்.

1. முதலில் வாங்கி வைக்க வேண்டியவை

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று. குழல் படுத்தாற்போல் நுழையும் நீளமுள்ள, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு, நிறம் மாறும் ஆரஞ்சு வகையாக இருக்கட்டும். நீல வகையில் கோபால்ட் கலந்திருக்கும், வாயில் வைக்கும் பொருளோடு அது வேண்டாம்.

பழைய பருத்தி வேட்டித் துணி, முனை மழுங்கிய மெல்லிய மரக்குச்சி, தையல் கடையில் கிடைக்கும் தடித்த பாலியெஸ்டர் நூல், தண்ணீர் போல் ஓடும் வகை சூப்பர் க்ளூ, கொஞ்சம் தேன்மெழுகு. இவற்றோடு 0.1 கிராம் வரை காட்டும் கையடக்கத் தராசு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். குழலுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை சொல்லிவிடும்.

எண்ணெய் பாட்டிலை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். புதிதாகக் குழல் வாங்குகிறவர்கள் முதல் நாளே எண்ணெயில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2. ஈரப்பதமானியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

மலிவான மானிகள் நாலைந்து புள்ளி தப்பாகக் காட்டுவது சாதாரணம். அதை நம்பிக் குழலை டப்பாவில் பூட்டினால் பிரச்சினைதான். சரிபார்க்கச் சமையல் உப்பே போதும்.

ஒரு பாட்டில் மூடியில் பாதி அளவு உப்பு எடுத்து, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து ஓடிவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு சின்ன டப்பாவுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஈர உப்பு, மூடிய இடத்துக் காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும். காலையில் மானி 79 காட்டினால், இனி அது காட்டும் எண்ணில் 4 கழித்துப் படியுங்கள்.

அடுத்து, மானியைக் குழல் வைக்கும் அறையில் மாட்டி விடியற்காலையிலும் மதியம் மூன்று மணி வாக்கிலும் பாருங்கள். வகுப்பு நடக்கும் அறையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழலுக்குப் பிடித்தது 50 முதல் 65 வரை. 75-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். விடியலில் 90 காட்டும் வீட்டிலிருந்து 55 காட்டும் அறைக்குப் போகிற குழல்தான் நம் கவலை.

3. புதுக் குழலை ஊருக்குப் பழக்குங்கள்

சென்னையிலிருந்து யாராவது வாங்கி வரும் குழல் பெட்டிக்குள் விமானத்தில் வந்து இறங்குகிறது. வந்த அன்றே ஒரு மணி நேரம் ஊதிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பொறுக்க வேண்டும்.

முதல் வாரம் ஊதவே வேண்டாம். துணியில் சுற்றி, வீட்டின் நடுப்பகுதியில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி வையுங்கள். தராசு இருந்தால் தினமும் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாள் ஒரே எடை காட்டினால் குழல் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் ஊதுங்கள், பிறகு மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். உள்சுவர் திடீரென உப்பாமல், சுவர் முழுக்க ஈரம் பரவ அவகாசம் கிடைக்கும். புதுக் குழல் வெடிப்பதற்கு முதல் மாத அவசரமே பெரும்பாலும் காரணம்.

4. ஊதி முடித்ததும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்

முதலில் உள்ளே துடையுங்கள். குச்சியில் துணியைச் சுற்றி, ஒரு முனையை நீளமாக வெளியே தொங்க விடுங்கள். துணி உள்ளே சிக்கினால் அதைப் பிடித்து இழுக்கலாம். கர்நாடகக் குழலின் ஒரு முனை கணுவால் மூடியிருக்கும். ஊதும் துளைக்கும் அந்தக் கணுவுக்கும் இடையிலுள்ள சின்ன இடத்தில்தான் எச்சில் ஈரம் அதிகம் தேங்கும். துணி அதுவரை போக வேண்டும். பலர் குழலின் பாதிவரை துடைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் அந்தக் கணுவோரத்தில்தான் கருப்புப் புள்ளி தெரிகிறது.

இரண்டாவது, வெளியே துடையுங்கள். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், குழல் பிசுபிசுக்கும். வரிந்து கட்டிய நூல்மேல் துணியை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

மூன்றாவது, ஆற விடுங்கள். மேசைமேல் இரண்டு சுருட்டிய துணிகளைத் தாங்கலாக வைத்து, ஊதும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி குழலைப் படுக்க வையுங்கள். மிச்ச ஈரம் துளை வழியே வடியும். அரை மணி நேரம் போதும். மின்விசிறிக்கு நேரே வேண்டாம், வெளித்தோல் மட்டும் முந்திக் காய்ந்துவிடும்.

அதன் பிறகுதான் உறையும் டப்பாவும். பிள்ளைகள் வகுப்பு முடிந்த கையோடு ஈரக் குழலை ரெக்சின் உறைக்குள் திணித்து ஜிப்பை மூடிவிடுகிறார்கள். அடுத்த நாள் திறந்தால் பழைய துணி வாடை அடிக்கும். வகுப்பில் அரை மணி நேரம் காத்திருக்க முடியாவிட்டால், பருத்தித் துணிப் பையில் போட்டு எடுத்துப் போய் வீட்டில் ஆற விடட்டும்.

சாமி மேடைக்குப் பக்கத்தில் குழலை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விளக்குச் சூடு ஒரே பக்கமாகப் படும் தூரத்தில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் மேலும், சிங்க் கூரையை ஒட்டிய பரணிலும் வேண்டாம், காரணம் அதே சூடுதான்.

5. டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்: அளவுதான் முக்கியம்

ஈரத்துக்குப் பயந்து கைப்பிடி கைப்பிடியாக ஜெல்லைக் கொட்டுகிறவர்களின் குழல்தான் டப்பாவுக்குள்ளேயே வெடிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு குழல் 60 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் எடையில் ஏறக்குறைய 16, 17 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கலாம். 55, 60 சதவீத ஈரப்பதக் காற்றில் அது 10, 11-க்கு இறங்கும். ஆக, குழல் விட வேண்டிய தண்ணீர் மொத்தமே மூன்று கிராம்தான். நடுத்தர ஈரப்பதத்தில் ஜெல் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரைப் பிடிக்கும். அதாவது 10 கிராம் பொட்டலம் ஒன்று இரண்டரை கிராம்வரை எடுத்துக்கொள்ளும். ஒரு பொட்டலமே வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடும். 100 கிராம் கொட்டினால், குழல் விடக் கூடாத தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

எனவே ஒரு குழலுக்கு ஒரு பொட்டலம். பொட்டலம் குழலைத் தொடக் கூடாது, டப்பாவின் ஓரத்தில் இருக்கட்டும். குழலைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். துணியும் ஈரத்தை வாங்கி விடுவதால் மாற்றம் மெதுவாக நடக்கும். மானியையும் உள்ளே வைத்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள்.

65-க்கு மேல் நின்றால் இரண்டாவது பொட்டலம் போடலாம். 50-க்குக் கீழே போனால் பொட்டலத்தை எடுத்துவிட்டு, மூடியை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஈரத் துணியை உள்ளே போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குழல் மறுபடியும் சட்டென்று உப்பும்.

ஜெல்லின் ஆரஞ்சு நிறம் மாறிவிட்டால் பொட்டலத்தைப் பிரித்து மணிகளை மட்டும் வாணலியில் மிதமான தீயில் நிறம் திரும்பும்வரை வறுக்கலாம். வறுத்ததை மூடிய பாட்டிலில் முழுக்க ஆற வைத்த பிறகே டப்பாவுக்குள் போட வேண்டும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

டப்பாவின் அடியில் மாவு போன்ற தூளும், குழலில் ஊசித்துளையும் தெரிந்தால் அது மூங்கில் வண்டு. அந்தக் குழலை உடனே மற்றக் குழல்களிலிருந்து பிரித்துவிடுங்கள்.

6. ஏர்கோன் அறைக்குள் நுழையும்போது

வகுப்போ கச்சேரியோ ஏர்கோன் இடத்தில் என்றால், உள்ளே போனதும் குழலை எடுக்காதீர்கள். உறையோடு பதினைந்து இருபது நிமிடம் இருக்கட்டும். பிறகு உறையைத் திறந்து இன்னும் ஐந்து நிமிடம். ஊதத் தொடங்கும்போது மெதுவாகக் கீழ் ஸ்வரங்களில் தொடங்குங்கள்.

இடைவேளையில் குழலை மேசைமேல் வெறுமனே போடக் கூடாது. உள்ளே மூச்சு ஈரம், வெளியே குளிர்ந்த வறண்ட காற்று: வெடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சூழ்நிலை வேறு இல்லை. ஐந்து நிமிட இடைவேளையானாலும் உள்ளே ஒருமுறை துடைத்துத் துணிப்பைக்குள் வைக்க வேண்டும்.

காரில் குழலை விட்டுப் போவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட இறங்கினாலும் குழல் கூடவே இறங்க வேண்டும்.

7. நூல் கட்டும் இணைப்பும்

மாதம் ஒருமுறை, குழலின் ஒவ்வொரு நூல் கட்டையும் இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். அசையவே கூடாது. கட்டு சுழன்றால் மூங்கில் சுருங்கிவிட்டது என்று பொருள், நூல் கெட்டது என்று அவசியமில்லை. அதனால் கட்டுவதற்கு முன் குழலை டப்பாவில் 55 முதல் 60-க்குள் மூன்று நாள் வையுங்கள். ஈரம் ஊறி உப்பியிருக்கும்போது கட்டினால், காய்ந்ததும் மறுபடி தளரும்.

பழைய நூலை வெட்டி எடுத்து, அந்த இடத்திலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காய விடுங்கள். தனி நூல்துண்டு ஒன்றை மடித்து, வளையம் ஒரு பக்கமாக நீட்டியிருக்கும்படி குழல்மேல் நீளவாக்கில் படுக்க வையுங்கள். கட்டும் நூலை அதன்மேல், வளையத்தை நோக்கி, ஒன்றையொன்று தொட்டாற்போல் பன்னிரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். நூலின் தொடக்க நுனியும் முதல் சில சுற்றுக்கு அடியிலேயே சிக்கட்டும். கடைசி நுனியை வளையத்துக்குள் நுழைத்து, வளையத்தின் மறுமுனைகளைப் பிடித்து இழுத்தால் நுனி கட்டுக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும். மிச்சத்தை வெட்டிவிட்டு, நூல்மேல் ஒரே ஒரு சொட்டு க்ளூ.

தூண்டில் நரம்பு வேண்டாம். அது நீண்டு தளரும், வழுக்கும், இறுக்கினால் மூங்கில் தோலை அறுக்கும். பருத்தி நூலும் ஈரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு துண்டாகப் பிரியும் நீளக் குழல் என்றால் இணைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உள்ளே நுழையும் பகுதி ஈரத்தில் உப்பினால் சிக்கிக்கொள்ளும், வெளிப்பகுதியைப் பிளக்கவும் செய்யும். எனவே ஊதி முடித்ததும் பிரித்துவிடுங்கள், மாட்டியபடியே ஓர் இரவுகூட விடாதீர்கள். சிக்கிவிட்டால் பலம் காட்டக் கூடாது. டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் உப்பல் இறங்கித் தானாகக் கழன்று வரும்.

தளர்ந்திருந்தால், உள்ளே நுழையும் பகுதியில் மெழுகு தேய்த்த நூலை இரண்டு சுற்று கூட்டி மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு. லேசாகத் திருகிக்கொண்டே தள்ளினால் உட்கார வேண்டும். ஒரு முனையைப் பிடித்து மெல்ல ஆட்டினால் மறுமுனை தனியாக ஆடக் கூடாது. மழை நாளில் இறுக்கமாக இருக்கிறது என்று நூலைக் கழற்றுகிறவர்கள், ஏர்கோன் அறையில் இணைப்பு ஆடும்போது திண்டாடுவார்கள். சரிபார்ப்பது எப்போதும் டப்பாவிலிருந்து எடுத்த நிலையில் இருக்கட்டும்.

8. வெடிப்பு வந்துவிட்டால்

மயிரிழை வெடிப்பு கண்ணில் படுவதற்கு முன் காதில் படும். மேல் ஸ்வரங்கள் நன்றாக இருக்கும், துளைகளை மூட மூட, கீழே போகப் போகக் காற்றுச் சத்தம் கலக்கும். எங்கோ காற்று ஒழுகுகிறது.

எல்லா விரல் துளைகளையும் மூடி, திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்து, ஊதும் துளையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உதடு பற்றி இழுத்துப் பிடித்தால் ஒழுகல் இல்லை. பிடிப்பு உடனே விட்டுப்போனால், இருட்டறையில் திறந்த முனை வழியே சின்ன டார்ச் அடித்து, துளைகளை விரலால் மூடிக்கொண்டு குழலைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு ஒளிக்கோடாகத் தெரியும்.

ஒரு மாணவியின் 5 கட்டைக் குழல் இப்படித்தான் வந்தது. வீடு தோட்டத்துக்குள், குழல் அறையில் விடியலில் 88. சனிக்கிழமை வகுப்பு கடைமாடியில் ஏர்கோன் அறையில், அங்கே 56. இரண்டு மணி நேர வகுப்பில், ஊதாத நேரமெல்லாம் குழல் குளிர்காற்றுக்கு நேரே மேசைமேல் கிடந்திருக்கிறது. டார்ச் அடித்ததும், ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் கோடு தெரிந்தது. ஈரத்தில் உப்பும்போது அது மூடிக்கொண்டதால் வீட்டில் ஊதும்போது ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில்தான் சத்தம் கெட்டது. "வீட்டில் நல்லாத்தானே சார் இருக்கு," என்று அவள் சொன்னது உண்மைதான்.

அந்தக் குழலை டப்பாவில் வைத்தோம். 63.4 கிராமிலிருந்து மூன்றாம் நாளில் 60.9-க்கு இறங்கி அதற்குமேல் மாறாமல் நின்றது. அப்போதுதான் வெடிப்பு தன் உண்மையான அகலத்தைக் காட்டியது. உப்பி மூடியிருக்கும்போது ஒட்டியிருந்தால் க்ளூ உள்ளேயே இறங்கியிருக்காது.

வெடிப்பின் இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டிக்கொண்டோம், தோலில் கறை படாது. ஆல்கஹாலால் துடைத்து ஒரு மணி நேரம் காய்ந்ததும், ஊசி முனையில் க்ளூவை எடுத்துக் கோட்டின் ஒரு முனையில் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடும். கோடு நிறையும்வரை முனையிலிருந்து முனைக்கு இப்படியே போனோம். மூன்று மணி நேரம் கழித்து டேப்பை எடுத்து, வெடிப்பின் இரண்டு நுனிகளையும் தாண்டி அரை சென்டிமீட்டரில் ஒவ்வொரு நூல் கட்டு, நடுவில் இன்னொன்று. நுனியைக் கட்டாமல் நடுவில் மட்டும் கட்டினால் வெடிப்பு நுனியிலிருந்து மேலும் ஓடும். ஒரு நாள் காய்ந்த பிறகு மறுபடி உறிஞ்சிப் பார்த்தோம், பிடித்தது.

வெடிப்பு ஊதும் துளையின் விளிம்பை வெட்டிக்கொண்டு போனால் இந்த முறை வேலைக்கு ஆகாது. ஒலி பிறப்பதே அந்த விளிம்பில்தான். அதில் க்ளூ மேடு தட்டினால் குழலின் குரலே மாறிவிடும். குழல் செய்கிறவரிடம் கொடுங்கள். இரண்டு விரல் துளைகளை இணைத்து ஓடும் வெடிப்பை ஒட்டலாம், ஆனால் துளைக்குள் க்ளூ வழியாமல் பார்க்க நிதானம் வேண்டும்.

9. கடைசியாக எண்ணெய்

எண்ணெய் ஏன் கடைசி என்றால், எண்ணெய் இறங்கிய வெடிப்பில் க்ளூ பிடிக்காது, எண்ணெய் பட்ட கட்டு வழுக்கும், ஈரக் குழலில் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை வளரும். ஒட்டும் வேலையும் கட்டும் வேலையும் முடிந்து, குழல் ஒரு நாள் முழுக்க ஊதப்படாமல் இருந்த பிறகே எண்ணெய்.

கடுகு எண்ணெயோ பாதாம் எண்ணெயோ நல்லது. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாக ஒட்டிக்கொள்ளும், அது வேண்டாம். துணியில் ஐந்தாறு சொட்டு விட்டு, துணி முழுக்கப் பரவும்படி கசக்கி, உள்சுவரில் மட்டும் மெல்லத் தடவுங்கள். ஈரத்தைக் குடிப்பது உள்சுவர்தான், எண்ணெய்க்கும் அங்கேதான் வேலை. வெளித்தோலுக்குத் துணியில் மிஞ்சிய பிசுக்கே போதும். நூல் கட்டு, இணைப்பு, ஊதும் துளையின் விளிம்பு, மூன்றையும் தொடாதீர்கள்.

ஓர் இரவு படுக்க வைத்துவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் மிச்ச எண்ணெயைத் துடைத்தெடுங்கள். துணியில் எண்ணெய்க் கறை படாத வரை துடைக்க வேண்டும். உள்ளே எண்ணெய் தேங்கினால் தூசி ஒட்டும், நாளாக நாளாகச் சிக்கு வாடை வரும்.

வீட்டிலேயே ஊதும் குழலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் ஏர்கோன் அறைக்குப் போய் வரும் குழலுக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை. எண்ணெய் போட்டதும் எடை கொஞ்சம் கூடியிருக்கும். அந்தப் புது எடையை டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிட்டு, இனி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.